ஒரே நாளில் பிறந்த நண்பருக்கு

கவிஞர் கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தது 1928 ஜூன் 24. ஒருவர் செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டிக்காரர், மற்றவர் பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளிக்காரர். சரியாக ஓராண்டு இடைவெளி. பாட்டும் மெட்டுமாகப் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்த இருவருக்கும் வாழ்த்துச் சொல்லும் நாளும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. இன்றைக்கும் ஜூன் 24 வந்தால் ரசிகர்கள் இரண்டு பேரையும் ஒரே மூச்சில்தான் நினைக்கிறார்கள்.

இப்படி ஒரு நட்பு வாய்ப்பது அரிது. 40 பேர் படிக்கும் வகுப்பில் யாரோ இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கக் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது வாய்ப்பு உண்டு. ஆனால் அது உங்கள் பிறந்தநாளாக இருக்க வாய்ப்பு பத்துக்கு ஒன்றுதான். அந்த ஒருவரோடு பழகிப் பழகி, படிப்பு முடிந்த பிறகும் தொடர்பு விட்டுப்போகாமல் இருப்பது அதைவிட அரிது.

அப்படிப்பட்ட நண்பருக்குத்தான் நாம் பெரும்பாலும் ஆகச் சப்பென்ற வாழ்த்தைச் சொல்கிறோம். காலையில் போன் அடிக்கிறது. "ஹேப்பி பர்த்டே டா!" "தேங்க்ஸ் டா, உனக்கும்!" அவ்வளவுதான். முதலில் பேசியவர் கொடுத்ததே அவர் கைக்குத் திரும்பிவிட்டது. அவருக்கென்று தனியாக ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. மற்ற நண்பர்களின் பிறந்தநாளில் ஒருவர் வாழ்த்துவார், ஒருவர் நன்றி சொல்வார். இங்கே இருவருமே வாழ்த்த வேண்டியவர்கள், இருவருமே வாழ்த்துப் பெற வேண்டியவர்கள். பழக்கதோஷத்தில் அந்த இரண்டையும் ஒரே 'உனக்கும்'-இல் முடித்துவிடுகிறோம்.

இதற்கு வழி எளிது. நண்பர் வாழ்த்தும்போது அதை வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி மட்டும் சொல்லுங்கள். உங்கள் வாழ்த்தைப் பதிலோடு ஒட்டாமல் தனியாக, வேறு நேரத்தில் கொடுங்கள். அவர் காலையில் கூப்பிட்டால் நீங்கள் மாலையில் கூப்பிடலாம். அவர் குறுஞ்செய்தி அனுப்பினால் உங்களுடையது அட்டையாகத் தபாலில் போகட்டும்.

அந்த வாழ்த்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவதும் முக்கியம். மற்ற நண்பர்களின் பிறந்தநாளில் நம் கை காலியாக இருக்கும். இந்த நாளிலோ விடிந்ததிலிருந்து நமக்கே அழைப்புகள். கோயில், வீட்டில் பாயசம், ஆபீஸில் கேக், ஊரிலிருந்து சித்தப்பா, அத்தை என்று நாள் ஓடிவிடும். நெருங்கிய நண்பருக்கு என்று உட்கார்ந்து யோசிக்க இரவு பத்து மணிதான் மிஞ்சும், அப்போது சோர்வும் சேர்ந்துகொள்ளும். இரண்டு நாள் முன்னதாகவே எழுதிவிட்டால் அந்தப் பரபரப்பு வாழ்த்தைத் தொடாது.

என்ன எழுதுவது? ஒரே நாளில் பிறந்த நண்பருக்கு மட்டுமே எழுதக்கூடிய ஒன்று இருக்கிறது. போன வருடம் இதே நாளில் அவர் எங்கே இருந்தார், நாம் எங்கே இருந்தோம் என்பது நமக்கு நன்றாக நினைவிருக்கும். மற்றவர்களின் பிறந்தநாளை மறந்துவிடலாம், நம்முடையதை மறக்க முடியாதே. என் தோழி ஒருத்தி, பள்ளி ஆசிரியை, எனக்கு அனுப்பிய அட்டையில் இப்படி எழுதியிருந்தாள்:

"நமக்கு நாற்பத்தைந்து ஆகிவிட்டது. போன வருஷம் இந்நேரம் நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவோட ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தே. நான் கூப்பிட்டதும் அழுவேன்னு நினைச்சேன். நீ என்னடான்னா, 'கேசரி செஞ்சியா, முந்திரி போட்டியா'ன்னு கேட்டே. இந்த வருஷம் அம்மாவே எழுந்து வாசல்ல கோலம் போடுறாங்கன்னு நீ சொன்னதுதான் எனக்குக் கிடைச்ச பரிசு. முந்திரி நிறையப் போட்டுக் கேசரி செய்யப் போறேன். காலாண்டு லீவு விட்ட முதல் சனிக்கிழமை கன்னியாகுமரி. டிக்கெட் என் பொறுப்பு, சாப்பாடு உன் பொறுப்பு."

இதில் 'பல்லாண்டு வாழ்க' இல்லை, 'எல்லா வளமும் பெற்று' இல்லை. ஆனாலும் இதை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. முதல் சொல்லே 'நமக்கு'. அதனால் வாழ்த்துவது யார், பெறுவது யார் என்ற கேள்வியே எழவில்லை. அடுத்து வருவது என்னைப் பற்றியே நான் மறந்துபோயிருந்த ஒரு காட்சி. அந்த வராந்தாவில் கேசரியைப் பற்றிக் கேட்டது எனக்கு நினைவே இல்லை, அவளுக்கு இருந்தது. கடைசியில் ஒரு திட்டம், அதுவும் தேதியோடு, பொறுப்பைப் பிரித்துக்கொண்டு. 'ஒருநாள் சந்திக்கலாம்' என்று எழுதியிருந்தால் நாங்கள் சந்தித்திருக்கவே மாட்டோம்.

பரிசுக்கும் இதே வழி பொருந்தும். இருவரும் ஒரே புத்தகத்தில் ஆளுக்கொரு பிரதி வாங்கி, முதல் பக்கத்தில் மற்றவருக்கான வாழ்த்தை எழுதி மாற்றிக்கொள்ளலாம். யார் பரிசு பெரிது, யாருடையது விலை கூடியது என்ற சங்கடமே இல்லை.

யார் முதலில் வாழ்த்துவது என்பது சிறு விஷயமாகத் தோன்றும். ஆனால் ஆண்டுதோறும் ஒருவரே முந்திக்கொண்டால் மற்றவர் மனத்தில் ஒரு குறை தங்கிவிடும். வயது வித்தியாசம் இருந்தால் நம் வழக்கமே இதைத் தீர்த்துவைக்கிறது. இளையவர் முதலில் கூப்பிட்டு, "வாழ்த்த வயதில்லை அண்ணே, வணங்குகிறேன்" என்பார். மூத்தவர் ஆசி சொல்லிவிட்டுத் தம் வாழ்த்தையும் சொல்வார். ஒரே வயதுக்காரர்கள் என்றால் இந்த வருடம் நீ, அடுத்த வருடம் நான் என்று முறை வைத்துக்கொள்வது நல்லது.

நண்பர் வெளிநாட்டில் இருந்தால் கடிகாரமே முறை வைத்துவிடும். நீங்கள் மதுரையில், நண்பர் டொரண்டோவில், பிறந்தநாள் ஜூனில் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் இரண்டு ஊருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். மதுரையில் நள்ளிரவு 12 அடிக்கும்போது அங்கே முந்தின நாள் மதியம் இரண்டரை. அப்போது உங்களுக்குத்தான் பிறந்தநாள், அவருக்கு இன்னும் வரவில்லை. ஆகவே அந்த நேரத்தில் வாழ்த்த வேண்டியவர் அவர். நள்ளிரவில் நீங்கள் அவருக்கு வாழ்த்து அனுப்பினால் அது வேலை நேரத்தில், தேதி பிறக்கும் முன்பே போய்ச் சேரும். நம் காலை ஒன்பதரைக்கு அங்கே நள்ளிரவு, அது உங்கள் முறை. அதிலிருந்து நம் நள்ளிரவு வரை பதினான்கரை மணி நேரம் இருவருக்கும் பொதுவான பிறந்தநாள். நேரில் முகம் பார்த்துப் பேச வீடியோ அழைப்பு வைப்பதானால் இங்கே மாலை ஏழு, அங்கே காலை ஒன்பதரை தோதான நேரம். நம் நாள் முடிந்த பிறகும் அவருக்குப் பிறந்தநாள் ஒன்பதரை மணி நேரம் மிச்சம் இருக்கிறது. ஒரு பிறந்தநாளை முப்பத்து மூன்றரை மணி நேரம் கொண்டாடும் வசதி மற்ற நண்பர்களுக்கு இல்லை.

எல்லா ஆண்டும் இருவருக்கும் சமமாக அமையாது. நண்பருக்கு ஐம்பது நிறைகிறது, வீட்டில் பெரிய விழா, உங்களுக்கு நாற்பத்தேழுதான். அன்று விழாவுக்கு வருகிறவர்கள் உங்களையும் வாழ்த்தத் தொடங்கினால் அவருடைய நாள் பாதியாகிவிடும். இங்கே இளையராஜாவை நினைத்துக்கொள்ளலாம். அவர் பிறந்ததும் ஜூன் 3, கலைஞர் கருணாநிதி பிறந்ததும் ஜூன் 3. அன்று மக்கள் கலைஞரையே வாழ்த்தட்டும் என்று தம் பிறந்தநாளை ஜூன் 2-ஆம் தேதியே கொண்டாடுவதை இளையராஜா வழக்கமாக்கிக்கொண்டார். அவருக்கு 'இசைஞானி' பட்டம் சூட்டியவர் கலைஞர். அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் உங்கள் கேக்கை முந்தின நாளே வெட்டிவிட்டு, விழாவில் முழுக்க நண்பருக்காக நிற்பதும் ஒரு வாழ்த்துதான். அதை ஊருக்குச் சொல்ல வேண்டாம், நண்பருக்குத் தானாகத் தெரியவரும்.

துக்கம் விழுந்த ஆண்டிலும் இப்படித்தான். நண்பர் வீட்டில் இழப்பு நேர்ந்திருந்தால் 'ஹேப்பி' என்ற சொல்லை எடுக்காமல், "இன்னிக்கு நம்ம நாள். சாயங்காலம் வரேன், சும்மா உட்கார்ந்திருப்போம்" என்றால் போதும். கண்ணதாசன் 1981 அக்டோபரில் மறைந்தார். விஸ்வநாதன் 2015 ஜூலை வரை வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளும் அவருடைய ஒவ்வொரு பிறந்தநாளும் நண்பரின் பிறந்தநாளாகவும் வந்துகொண்டிருந்தது. ஒரே நாளில் பிறந்த நண்பரை இழந்தவர்களை நாம் வாழ்த்தும்போது, போனவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வது அவர்களுக்கு ஆறுதல் தரும். பெயரைத் தவிர்ப்பதுதான் அவர்களைத் தனிமையாக்குகிறது.

கடைசியாக, தமிழ் வீடுகளில் ஒரு வசதி உண்டு. ஆங்கிலத் தேதி ஒன்றாக இருந்தாலும் ஜன்ம நட்சத்திரம் பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஏறத்தாழ 27 நாளில் சுற்றிவிடுகிறது. ஓர் ஆண்டு தள்ளி அதே தேதியில் பிறந்தவருக்கு நட்சத்திரம் பத்துப் போலத் தள்ளிப் போயிருக்கும். இடைவெளி 19 ஆண்டு என்றால் சுற்று திரும்ப வந்து, அதே நட்சத்திரமோ பக்கத்து நட்சத்திரமோ அமையும். ஒரே நாளில், ஒரே ஆண்டில் பிறந்தவர்களுக்குக்கூடச் சில சமயம் மாறும், ஏனென்றால் நட்சத்திரம் மாறுவது நள்ளிரவில்தான் என்றில்லை, பகலிலோ இரவிலோ எந்நேரமும் மாறலாம்.

ஆகவே ஆங்கிலத் தேதியை இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, பிறந்த தமிழ் மாதத்தில் வரும் நட்சத்திர நாளை அவரவருக்குத் தனியாக விட்டுவிடலாம். அன்று நீங்கள் வாழ்த்துபவர் மட்டுமே, 'உனக்கும்' என்று திருப்பித் தர அவருக்கு வழியில்லை. இதற்கு அவருடைய நட்சத்திரம் தெரிந்திருக்க வேண்டும். அவரைக் கேட்டால் விஷயம் வெளிப்பட்டுவிடும், அவர் அம்மாவைக் கேளுங்கள். இன்னொரு பலனும் உண்டு. முந்தைய தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதிதான் சான்றிதழில் இருக்கிறது. மூத்த நண்பர் என்றால் உண்மையான நாள் எது என்பதும் அந்தப் பேச்சில் தெரிந்துவிடும். நட்சத்திரம் பார்க்காத வீட்டு நண்பர் என்றால், பிறந்தநாளுக்கு முந்தின நாள் மாலையை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

நட்சத்திரம் தெரிந்ததும் பஞ்சாங்கத்திலோ தினசரிக் காலண்டரிலோ அந்த மாதத்தில் அது வரும் தேதியைக் குறித்து வையுங்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் புதுக் காலண்டர் வாங்கும்போதெல்லாம் பார்த்துக் குறிக்க வேண்டும். அன்று காலையில் கோயிலில் பெயர், ராசி, நட்சத்திரம் சொல்லி ஓர் அர்ச்சனை செய்துவிட்டு, குங்குமப் பொட்டலத்தைப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்பலாம். இன்று என்ன விசேஷம் என்று அவரே கூப்பிட்டுக் கேட்பார்.