குளோரின் வாங்குவதும் பங்கிடுவதும்

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வேதியியல் ஒர்க் ஷீட்டில் தவறாமல் வரும் கேள்வி இது: கீழ்க்கண்ட சேர்மங்களுக்கு எலக்ட்ரான் புள்ளிப் படம் வரைக, பிணைப்பு அயனிப் பிணைப்பா சகப்பிணைப்பா என எழுதுக, சேர்மத்தின் பெயரைக் கூறுக. பட்டியலில் பத்துப் பன்னிரண்டு சேர்மங்கள் இருக்கும். பிள்ளைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். அதைவிட, குளோரின் இருக்கிற சேர்மங்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரே மூச்சில் வரைந்து பார்ப்பது நல்லது. மொத்தப் பாடமும் அதற்குள் அடங்கிவிடும். NaCl, MgCl₂, HCl, CCl₄, கடைசியாக AlCl₃.

குளோரின் அணுவில் 17 எலக்ட்ரான்கள். உள்ளிருந்து வெளியே 2, 8, 7 என்று அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. பிணைப்பில் பங்கெடுப்பது வெளிக்கூட்டில் இருக்கும் ஏழு மட்டுமே. அது எட்டாக இன்னும் ஒன்று வேண்டும். அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1916இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைக்கும் பழக்கம் வந்தது. அந்த எட்டாவது புள்ளியைக் குளோரின் எப்படிப் பெறுகிறது என்பதை அதன் துணை அணுதான் தீர்மானிக்கிறது.

சோடியத்தின் அடுக்கு 2, 8, 1. வெளியே இருக்கும் அந்த ஒற்றை எலக்ட்ரானை அது எளிதில் விட்டுவிடும். குளோரின் அதை வாங்கிக்கொள்ளும். சோடியம் Na⁺ ஆகவும் குளோரின் Cl⁻ ஆகவும் மாறி, எதிரெதிர் மின்சுமைகளால் ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்கின்றன. இதுவரை யாரும் தவறு செய்வதில்லை. மெக்னீசியத்தில்தான் தடுமாற்றம் ஆரம்பிக்கிறது.

மெக்னீசியத்தின் வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள். ஒரு குளோரின் இரண்டையும் வாங்காது. ஒன்றை வாங்கியதுமே அதன் கூடு நிரம்பிவிடுகிறது, அடுத்ததை வைக்கப் புதிய கூடுதான் தேவைப்படும். ஆகவே இரண்டாவது எலக்ட்ரானுக்கு இரண்டாவது குளோரின் வருகிறது. MgCl₂ என்ற வாய்பாட்டில் இருக்கும் 2 இப்படி வந்ததுதான். படம் வரையும்போது அதை இப்படி எழுத வேண்டும்:

```
[Cl]⁻  [Mg]²⁺  [Cl]⁻
```

மெக்னீசியத்தைச் சுற்றி ஒரு புள்ளியும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் எட்டுப் புள்ளிகள் இருக்க வேண்டும். அவற்றில் ஏழைப் புள்ளியாகவும், மெக்னீசியத்திலிருந்து வந்த ஒன்றைப் பெருக்கல் குறியாகவும் போட்டால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியும். இந்த இடத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. இரண்டு குளோரின்களையும் ஒரே அடைப்புக்குள் போட்டு Cl₂²⁻ என்று எழுதுவது ஒன்று. அவை இரண்டும் தனித்தனி அயனிகள், ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை அல்ல. மற்றது, மெக்னீசியத்துக்கும் குளோரினுக்கும் நடுவே கோடு போடுவது. கோடு என்றால் பங்கிட்ட இணை என்று அர்த்தம். இங்கே பங்கீடே இல்லை.

வரைந்தது சரியா என்று தெரிந்துகொள்ள எண்ணிப் பார்த்தால் போதும். பிணையும் முன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் 2 + 7 + 7, மொத்தம் 16. பிணைந்த பின் படத்தில் 0 + 8 + 8, அதுவும் 16. மின்சுமையைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். இரண்டும் பொருந்தினால் கணக்கில் பிழை இல்லை.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, மூன்று அணுக்கள் சேர்ந்த ஒரு மூலக்கூறு எங்கோ தனியாக இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. 1913இல் பிராக் தந்தை, மகன் இருவரும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின்களும், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியங்களும் இருப்பது தெரிந்தது. இதற்கு இதுதான் ஜோடி என்று எதுவும் இல்லை. NaCl என்பதும் MgCl₂ என்பதும் அயனிகள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை மட்டுமே சொல்கின்றன.

பெயரிடும் முறையும் இதிலிருந்துதான் வருகிறது. மெக்னீசியம் குளோரைடு என்றால் போதும், டைகுளோரைடு என்று சொல்லத் தேவையில்லை. மெக்னீசியம் 2+, குளோரைடு 1− என்பதால் 1:2 தவிர வேறு விகிதத்துக்கு வழியில்லை. இரும்பைப் போல இரண்டு வகை மின்சுமை கொள்ளும் உலோகம் வந்தால் மட்டும் இரும்பு(II) குளோரைடு, இரும்பு(III) குளோரைடு என்று ரோமன் எண்ணைச் சேர்க்க வேண்டும்.

அடுத்து ஹைட்ரஜன். அதனிடமும் ஒரு எலக்ட்ரான்தான் இருக்கிறது, ஆனால் சோடியத்தைப் போல அதை விட்டுக்கொடுக்காது. ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கச் சோடியத்துக்கு ஆவதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் ஆற்றல் வேண்டும். ஆளுக்கு ஒன்று போட்டு, அந்த இணையை இருவரும் வைத்துக்கொள்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு இரண்டு, குளோரினுக்கு எட்டு. இது சகப்பிணைப்பு, பெயர் ஹைட்ரஜன் குளோரைடு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அயனிகள் இருக்கின்றனவே என்று சிலர் இதை அயனிச் சேர்மமாக எழுதிவிடுகிறார்கள். அந்த அயனிகள் தண்ணீரோடு வினைபுரிந்த பிறகு உண்டானவை. நீரில்லாத ஹைட்ரஜன் குளோரைடு வாயு தனித்தனி மூலக்கூறுகளால் ஆனது.

கார்பனிடம் நான்கு எலக்ட்ரான்கள். நான்கையும் இழப்பது மிகவும் கடினம், அதனால் நான்கு குளோரின்களோடு பங்கிடுகிறது. மொத்தம் 4 + 28, அதாவது 32. நடுவிலுள்ள கார்பனைச் சுற்றி எட்டு வந்ததும் பலர் பென்சிலை வைத்துவிடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் 24 குறையும். ஒவ்வொரு குளோரின்மீதும் பிணைப்பில் சேராத மூன்று இணைகள் இருக்கின்றன, அவைதான் விடுபட்டவை. இதன் பெயர் கார்பன் டெட்ராகுளோரைடு. இங்கே எண்ணிக்கையைப் பெயரிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் அலோகங்கள் ஒரே துணையோடு பல விகிதங்களில் சேரும். PCl₃ பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடு, PCl₅ பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு. பாஸ்பரஸ் குளோரைடு என்று மட்டும் எழுதினால் எது என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக AlCl₃. உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்ற விதியை வைத்து எல்லோரும் Al³⁺, மூன்று Cl⁻ என்று வரைவார்கள். வாய்பாடு சரியாகவே வரும். பெயரும் அலுமினியம் குளோரைடு என்று அயனிச் சேர்மத்தைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் பொருளின் நடத்தை வேறு. சாதாரண உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும், இதுவோ 180 டிகிரி அளவிலேயே ஆவியாகிவிடுகிறது. மெக்னீசியம் குளோரைடை உருக்கி மின்சாரம் செலுத்தி மெக்னீசியத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். உருகிய அலுமினியம் குளோரைடில் மட்டும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாய்வதே இல்லை, ஏனெனில் அங்கே நகர்ந்து போக அயனிகள் இல்லை. அலுமினிய ஆலைகள் உருகிய கிரையோலைட்டில் கரைத்த அலுமினாவைப் பயன்படுத்துகின்றன.

அலுமினியம் அயனி மிகச் சிறியது, அதன் மின்சுமை மூன்று. அருகில் வரும் குளோரைடின் எலக்ட்ரான் மேகத்தை அது தன் பக்கம் இழுத்துவிடுகிறது, அதனால் கொடுத்தல் வாங்கல் பங்கீடாகவே முடிகிறது. மூன்று குளோரின்களோடு பங்கிட்டும் அலுமினியத்தைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்கள்தான் சேர்கின்றன. பற்றாத இரண்டைப் பக்கத்து மூலக்கூறின் குளோரின் தன் தனி இணையிலிருந்து ஈகிறது. இதற்குப் பதிலாக இந்தப் பக்கத்துக் குளோரினும் ஒரு இணையை அங்கே ஈகிறது. இதுதான் ஈதல் சகப்பிணைப்பு. உருகிய நிலையிலும், ஆவியாகும்போதும் அது Al₂Cl₆ ஆகவே இருக்கிறது. வரைந்துவிட்டு எண்ணுங்கள்: எட்டுப் பிணைப்புகளில் 16, ஓரத்து நான்கு குளோரின்களில் 24, பாலமாக நிற்கும் இரண்டு குளோரின்களில் 8. மொத்தம் 48 வர வேண்டும். இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் கொண்டுவந்த 6 + 42 அதுவேதான்.