திரையிலுள்ள மழைக் கணக்கைத் தாளில் தருதல்

மழை அளவுகளைக் காட்டும் டாஷ்போர்டு, புதிய எண்கள் வருந்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆயினும் வெளிக்களப் பணியாளரிலும் ஆசிரியரிலும் பலர் அச்சிட்ட தாளையே படிக்கின்றனர். அவர்கட்காக வாரம் ஒரு முறை அதனைப் படமாகவோ பி.டி.எஃப். கோப்பாகவோ எடுத்து அச்சிட வேண்டியுள்ளது. திரை தானாகவே உணர்த்தும் சில செய்திகள் இம்மாற்றத்தில் மறைந்துவிடுகின்றன. கேரளத்தின் 14 மாவட்டங்களுக்கான வாரத் தாள் ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை வாரம் வியாழனன்று தொடங்கிப் புதனன்று முடிகிறது. ஒரு நாளின் மழை என்பது அந்நாள் காலை 8.30 மணியுடன் முடியும் 24 மணி நேரத்தில் பெய்த மழையாகும். ஆகவே ஜூன் 11 புதனுடன் முடியும் வாரத்தின் தாளை 12ஆம் நாள் வியாழனன்று எடுப்பது பொருந்தும். கோப்பினை எடுக்கக் கீழ்க்காணும் கட்டளை போதும்.

```
google-chrome --headless --virtual-time-budget=20000 \
  --no-pdf-header-footer \
  --print-to-pdf=mazhai-06-11.pdf \
  http://localhost:3000/rain
```

இரண்டாவது குறிப்பு, வரைபடங்கள் வரையப்பட்டு முடிவதற்காக இருபது விநாடி அளவுக்கு அவகாசம் தருவது. அது இல்லையேல் தாளில் வெற்றுக் கட்டங்களே வரக்கூடும். கோப்பின் பெயரில் உள்ள தேதி வாரம் முடியும் நாள், அச்சிடும் நாளன்று.

இத்தேதி பற்றிச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். புதுப்பித்தல் ஒரு வாரம் தடைப்பட்டால், கட்டளை அதனை அறியாது பழைய எண்களையே எடுத்துத் தந்துவிடும். தாளின் தலைப்பிலோ புதிய தேதி இருக்கும். எனவே தலைப்பில் அச்சிடும் தேதியைத் தனியாகப் போடுவது தவறு. அட்டவணையிலுள்ள கடைசி அளவின் தேதியையே எடுத்து அங்கு இடவேண்டும். அது முந்திய நாளாகிய புதனாக இல்லாவிடின் கோப்பை அனுப்பாது நிறுத்தவேண்டும்.

தாளைப் பெறுபவரும் இதனைச் சோதித்துக்கொள்ளலாம். வார மழையுடன் ஜூன் 1 முதல் பெய்த மொத்த மழையும் தாளில் இருக்குமாயின், சென்ற வார மொத்தத்துடன் இவ்வார மழையைக் கூட்டினால் இவ்வார மொத்தம் வரவேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு மாவட்டத்தில் முன் மொத்தம் 84 மி.மீ., வார மழை 57 மி.மீ. எனில் புதிய மொத்தம் 141. அடுத்த தாளிலும் வார மழை 57, மொத்தம் 141 என்றே இருந்தால், 141உடன் 57ஐக் கூட்டி 198 வராமையால் எண்கள் பழையவை என்பது வெளிப்படும். சிறு வேறுபாடு மட்டும் இருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. சில நிலையங்களின் அளவு தாமதமாக வந்து கணக்குத் திருத்தப்பட்டிருக்கும். அறிக்கை வந்த நிலையங்களின் எண்ணிக்கையையும் அச்சிட்டால் ஐயம் நீங்கும்.

அடுத்தது நிறம். அவ்வாரத்தின் இயல்பு மழை 150 மி.மீ. எனில், 57 மி.மீ. என்பது 62 விழுக்காடு குறைவு. 60 விழுக்காடும் அதற்கு மேலும் குறைந்தால் அது மிகுபற்றாக்குறை. 20 முதல் 59 வரை பற்றாக்குறை. துறையின் வரைபடத்தில் முன்னது மஞ்சள், பின்னது சிவப்பு. கறுப்பு மையில் அச்சிடுங்கால் மஞ்சள் ஏறக்குறைய வெண்மையாகிவிடுகிறது. சிவப்போ அடர்ந்த சாம்பலாகிறது. மிகவும் வறண்ட மாவட்டம் கவலையற்றதுபோல் தோன்றும்! மிகுதியான மழையைக் குறிக்கும் நீலமும் சிவப்பைப் போன்றே இருண்டு நிற்கும். ஆகவே ஒவ்வொரு மாவட்டத்தின் மேலும் விழுக்காட்டை எண்ணாக எழுதிவிடுவதே தக்கது. கோடுகளாலும் புள்ளிகளாலும் நிரப்புவதும் உண்டு. சிறிய மாவட்டங்களில் அது தெளிவாக இராது.

எழுத்தின் அளவும் கருதத்தக்கது. 1,920 படப்புள்ளி அகலமுள்ள திரையை அப்படியே 190 மில்லிமீட்டர் அகலத்தில் அச்சிட்டால், 14 படப்புள்ளி எழுத்து ஏறத்தாழ 4 பாயிண்டாகச் சுருங்கும். அதை வெறுங்கண்ணால் படிக்க இயலாது. நுண்மையான படம் எடுப்பதால் இக்குறை தீராது. பக்கத்தையே ஏறத்தாழ 720 படப்புள்ளி அகலத்துக்கு அமைத்து எடுத்தால் அதே எழுத்து பத்தரைப் பாயிண்டாக வரும். படத்தைவிடப் பி.டி.எஃப். மேலானது, அதில் எழுத்துகள் எழுத்துகளாகவே நிற்பதால் பெரிதாக்கினும் ஓரம் சிதையாது.

இவ்வாறு அகலத்தைக் குறைக்கும்போது அட்டவணையைக் கவனிக்கவேண்டும். திரையில் பத்து வரிசைகளைக் காட்டி, மீதியை உருட்டிப் பார்க்குமாறு வைத்திருந்தால், தாளில் நான்கு மாவட்டங்கள் விடுபட்டுப்போகும். பெயர்கள் அகரவரிசையில் இருப்பின் வாரந்தோறும் அதே நான்கு மாவட்டங்களே விடுபடும். அம்மாவட்டத்தார் தமக்கு மழைக் கணக்கே எடுக்கப்படவில்லை என்று எண்ணக்கூடும். அச்சுக்குரிய பக்கத்தில் உருட்டும் அமைப்பை நீக்கி, வரிசைகள் 14 உள்ளனவா என்று எண்ணிப் பார்த்த பின்னரே கோப்பினை அச்சகத்துக்கு அனுப்பவேண்டும்.