படிக்குப் படி ஒளிரும் விளக்கு

படிக்கட்டின் கீழே ஒரு சென்சார், மேலே ஒரு சென்சார், ஒவ்வொரு படியின் விளிம்புக்கடியிலும் ஒரு துண்டு எல்இடி ஸ்ட்ரிப், இவற்றை இணைக்கும் ஆர்டுயினோ போன்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர். ஆள் கீழே கால் வைத்ததும் முதல் படி ஒளிரும்; அடுத்தடுத்த படிகள் கால் நொடி இடைவெளியில் மேல்நோக்கி ஒளிர்ந்துகொண்டே போகும். 14 படிகளும் மூன்றரை நொடிக்குள் எரிந்துவிடும். ஏறி முடிக்க அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால் வெளிச்சம் எப்போதும் காலுக்கு முன்னே இருக்கும்.

பெரும்பாலும் பொருத்தப்படுவது பிஐஆர் சென்சார். உடல் வெப்பம் இடம் மாறுவதை அது கண்டுகொள்ளும். எதிரே நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை நன்றாகப் பிடிக்கும். ஆகவே படிக்கு எதிர்ச்சுவரில் வைப்பதைவிட, முதல் படியின் பக்கச்சுவரில் முழங்கால் உயரத்தில் வைப்பதே சரி. அதன் பார்வை மிக அகலம். கூடத்தில் நடமாடுபவர்களுக்கெல்லாம் விளக்கு எரிந்தால் அதுதான் காரணம். லென்ஸைச் சுற்றிச் சிறு குழாய் மாட்டினாலோ, ஒரு பகுதியைக் கறுப்பு டேப்பால் மறைத்தாலோ தொல்லை தீரும்.

உண்மையான சிக்கல் மேல்படியில்தான் வருகிறது. ஏறி முடித்தவர் மேல் சென்சாரையும் கடந்தாக வேண்டும். அதை யாரோ இறங்க வருவதாக எடுத்துக்கொண்டால், ஆள் போன பிறகு விளக்குகள் மேலிருந்து கீழாக மறுபடி ஓடும். சென்சார் இரண்டும் பழுதில்லாமலே இப்படி நடந்தால், தவறு புரோகிராமில் இருக்கிறது. கீழ் சென்சார் ஆளைக் கண்டதை அது நினைவில் வைத்து, அடுத்து மேலிருந்து வரும் சமிக்ஞையை 'ஆள் வெளியேறினார்' என்று கொள்ள வேண்டும். பிறகு கீழ்ப்படியில் தொடங்கி ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும்.

அந்தச் சமிக்ஞை எத்தனை நொடியில் வருகிறது என்பதையும் பார்ப்பது நல்லது. 14 படிகளை நான்கு நொடியில் யாரும் சாதாரணமாக ஏறுவதில்லை. அதற்குள் மேல் சென்சார் விழித்தால், எதிரே இன்னொருவர் இறங்கத் தொடங்கியிருக்கிறார். அப்போது எதையும் அணைக்காமல் எல்லாப் படிகளையும் எரியவிட வேண்டும். பாதி ஏறியவர் திரும்பி இறங்கினால் மேல் சென்சாருக்கு எதுவும் தெரியாது. அதனால் 20 நொடியில் தானாக அணைக்கும் டைமர் ஒன்றும் தேவை. எந்தச் சென்சார் விழித்தாலும் அது முதலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் பலர் ஏறும் வீட்டில், முன்னவர் வெளியேறியதும் அணைக்காமல் இந்த டைமரை மட்டுமே நம்புவதுதான் பாதுகாப்பு. படியில் ஆள் இருக்கையில் இருட்டாவதைவிடச் சில நொடி கூடுதலாக எரிவது மேல்.

மின்செலவு குறைவுதான். மீட்டருக்கு ஏறக்குறைய 5 வாட் இழுக்கும் 12 வோல்ட் ஸ்ட்ரிப்பைப் படிக்கு 90 சென்டிமீட்டர் ஒட்டினால், 14 படிக்கும் சேர்த்து 63 வாட், அதாவது 5 ஆம்பியருக்குச் சற்று மேல். 12 வோல்ட், 8 ஆம்பியர் பவர் சப்ளை சூடேறாமல் தாங்கும். மைக்ரோகன்ட்ரோலரின் பின்னால் இந்த மின்னோட்டத்தைத் தர முடியாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு மாஸ்ஃபெட் இடையில் நின்று சுவிட்ச் வேலை செய்கிறது. பகலில் வீணாக எரியாதிருக்க, வெளிச்சத்தை அறியும் எல்டிஆர் ஒன்றைச் சேர்க்கலாம். அதை ஸ்ட்ரிப்பின் ஒளி படாத இடத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு எரிந்ததுமே விடிந்துவிட்டதாக எண்ணி அணைத்துவிடும்.