லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டதா? ஏ.எம்.சி. கம்பெனியோடு உட்கார்ந்து பேசும் முறை

"பி பிளாக் லிஃப்ட் மறுபடியும் அவுட்." அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி விழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது சங்கப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு அத்துப்படி. கம்பெனியை மாற்றச் சொல்லி நாலு பேர், பில்லை நிறுத்தச் சொல்லி ரெண்டு பேர் எழுதுவார்கள். செயலாளர் போன் போட்டுச் சத்தம் போடுவார். டெக்னீஷியன் வந்து சரிசெய்வார். பத்து நாளில் அதே லிஃப்ட் திரும்பவும் நிற்கும்.

சேவை தேய்ந்துகொண்டே போகும் ஒப்பந்ததாரரிடம் சத்தம் போடுவதால் அன்றைய வேலை மட்டும்தான் நடக்கும். தேய்வு நிற்க வேண்டுமென்றால் எது தேய்ந்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கம்பெனியில் முடிவெடுக்கக்கூடிய ஆளை எதிரே உட்காரவைத்துப் பேசி, பேசியதை இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளாக மாற்ற வேண்டும். எட்டு மாடி, 60 வீடுகள், இரண்டு லிஃப்ட் கொண்ட ஒரு குடியிருப்பை உதாரணமாக வைத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கோபம் ஒன்று சொல்லும், ரெஜிஸ்டர் வேறு சொல்லும்

குடியிருப்பில் எல்லோருடைய புகாரும் ஒன்றுதான்: "கூப்பிட்டா லேட்டா வர்றாங்க." ஒப்பந்தப்படி, புகார் சொன்ன நான்கு மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் 45 நிமிடத்தில் வர வேண்டும். செயலாளர் மூன்று மாதப் புகார்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினார். எந்த லிஃப்ட், எந்த மாடி, எத்தனை மணிக்குச் சொன்னோம், எப்போது வந்தார்கள், என்ன செய்தார்கள் என்ற ஐந்து விவரங்கள் மட்டும்.

ஏப்ரலில் 3, மே மாதம் 5, ஜூனில் 6 என்று மொத்தம் 14 புகார்கள். தாமதமாக வந்தது ஒரே ஒரு தடவை. ஆனால் 14-ல் 9 புகார்கள் பி லிஃப்டின் மூன்றாவது மாடிக் கதவைப் பற்றியவை. ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் ஸ்லிப்பில் ஒரே வாசகம்: "கதவு சரிசெய்யப்பட்டது."

இங்கே லிஃப்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு பூட்டும், அதில் ஒரு மின் தொடர்பும் இருக்கும். எல்லா மாடிகளின் தொடர்புகளும் ஒரே வரிசையில் இணைந்தவை. ஏதாவது ஒரு மாடியில் கதவு முழுதாகப் பூட்டாவிட்டாலும் லிஃப்ட் நகராது. கதவு தொங்கி ஓடும் ரோலர் தேய்ந்தாலோ, கீழே உள்ள பள்ளத்தில் குப்பை சேர்ந்தாலோ கதவு ஒரு நூல் இடைவெளியில் நின்றுவிடும். டெக்னீஷியன் துடைத்து, முடுக்கி, ரீசெட் செய்தால் லிஃப்ட் ஓடும். தேய்ந்த ரோலர் தேய்ந்தபடியே இருப்பதால் சில நாளில் மறுபடி நிற்கும். ஆக, கம்பெனி நேரத்துக்குத்தான் வருகிறது. பழுதின் காரணத்தைத் தொடாமல் போகிறது.

இன்னொரு விஷயத்தை கேட்டில் உள்ள செக்யூரிட்டி ரெஜிஸ்டர் காட்டிக்கொடுத்தது. மாதாந்திர சர்வீஸுக்கு இரண்டு லிஃப்டுக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆனதாக ஜூன் மாத ஸ்லிப்பில் எழுதியிருந்தது. ரெஜிஸ்டரில் அதே டெக்னீஷியன் உள்ளே வந்தது 10.40, வெளியே போனது 11.05.

சராசரிக் கணக்கு ஒன்றும் ஏமாற்றும். ஜூன் மாத ஆறு புகார்களுக்கு ஆள் வந்த நேரம் 1, 1.5, 2, 2, 3, 14 மணி. சராசரி எடுத்தால் நான்கு மணிக்குக் கீழே வந்துவிடும். "நாங்க லிமிட்டுக்குள்ளதான் சார் இருக்கோம்" என்று கம்பெனி சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க மாடிப்படி ஏறிய முதியவருக்கு அந்தச் சராசரி எதற்கு? அதனால் எத்தனை புகாருக்கு நேரத்துக்குள் வந்தார்கள் என்ற எண்ணிக்கையைத்தான் கேட்க வேண்டும்.

கூட்டத்தில் யார், எதைப் பேசுவது

கூட்டத்துக்கு டெக்னீஷியன் மட்டும் வந்தால் பயனில்லை. உதிரிபாகம் வாங்கவும் கூடுதல் ஆள் போடவும் அவருக்கு அதிகாரம் கிடையாது. கிளையின் சர்வீஸ் மேனேஜர் வர வேண்டும். டெக்னீஷியனும் கூட இருந்தால் நல்லது, உண்மை அவருக்குத்தான் தெரியும். புகார்த் தாளை ஒரு வாரம் முன்பே அனுப்பி, அவர்கள் பதிவோடு ஒத்துப்பார்க்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கூட்டம் முழுக்க "அன்னைக்கு வந்தோமே", "வரலையே" என்பதிலேயே கரைந்துவிடும்.

நம் உதாரணத்தில் ஸ்லிப்பையும் ரெஜிஸ்டரையும் செயலாளர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். யாரையும் குற்றம் சாட்டவில்லை. "இந்த 25 நிமிஷத்துல ரெண்டு லிஃப்டுக்கும் என்னென்ன செய்ய முடியும், சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். மேனேஜர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "உண்மையைச் சொல்லிடறேன் சார். இந்த ஏரியாவைப் பார்த்த இன்னொரு பையன் மார்ச்ல வேலையை விட்டுட்டான். ரெண்டு பேர் பார்த்த பில்டிங் எல்லாம் இப்ப இவர் ஒருத்தர் தலைமேல."

கூட்டத்தின் பலன் இந்தப் பதில்தான். அபராதம் போட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது. ஏப்ரலிலிருந்து புகார் ஏறியதற்கும், ரோலர் மாற்றாமல் துடைத்துவிட்டுப் போனதற்கும் காரணம் அதில் இருக்கிறது.

கம்பெனி தரப்பிலும் இரண்டு குறைகள் இருந்தன. பில் தொகை ஐம்பது நாள் கழித்துத்தான் வருகிறது. மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் வேலை நடந்தபோது சிமெண்ட் மூட்டைகள் லிஃப்டில் ஏறியதோடு, தளத்தைக் கழுவிய தண்ணீரும் கதவுப் பள்ளத்தில் இறங்கியது. இரண்டையும் சங்கம் மறுக்க முடியாது. மறுக்காமல் எழுதிக்கொண்டதால்தான் அடுத்த கட்டம் சாத்தியமானது.

தாளில் என்ன இருக்க வேண்டும்

மேம்பாட்டு ஒப்பந்தம் என்பது இரண்டு பக்கத் தாள். மூல ஒப்பந்தத்தை அது மாற்றாது, அதன் இணைப்பாக நிற்கும். காலம் 90 நாள். ஒவ்வொரு வரியிலும் எது குறை, யார் செய்வார், எந்தத் தேதிக்குள், சரியானதை எப்படி அறிவோம் என்ற நான்கும் இருக்க வேண்டும். கடைசி விஷயம் இல்லாத வரி வெறும் வாக்குறுதிதான். "சேவை மேம்படுத்தப்படும்" என்று எழுதினால் யாரும் கையெழுத்துப் போடுவார்கள்.

இவர்கள் எழுதியவை நான்கு. ஒன்று, பி லிஃப்ட் மூன்றாவது மாடிக் கதவின் ரோலரும் பூட்டுத் தொடர்பும் பத்து நாளில் மாற்றப்படும். கடைசி 60 நாளில் கதவுப் புகார் ஒன்றுக்கு மேல் வரக்கூடாது. இரண்டு, மாதாந்திர சர்வீஸுக்கு லிஃப்ட் ஒன்றுக்கு 75 நிமிடம், கேட் ரெஜிஸ்டர்தான் ஆதாரம். மூன்று, ஒவ்வொரு புகாருக்கும் நான்கு மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும். நான்கு, ஒரே பழுது 30 நாளில் இரண்டாம் தடவை வந்தால் சூப்பர்வைசரே வந்து காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதே பழுதுக்குத் திரும்பத் திரும்ப ரீசெட் செய்யும் பழக்கத்தை நிறுத்துவது இந்த நாலாவது வரிதான்.

சங்கமும் எழுதிக்கொடுத்தது. பில் வந்த 15 நாளில் பணம், கட்டுமானப் பொருள் லிஃப்டில் ஏறாது, கதவருகே தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, புகாரை ஒரே ஒருவர் மட்டும் பதிவு செய்வார்.

அபராதத்தின் பலத்தை மிகையாக நினைக்க வேண்டாம். லிஃப்டுக்கு மாதம் 3,500 ரூபாய் ஒப்பந்தத்தில் பத்து சதவீதம் பிடித்தால் 350 ரூபாய். ஒரு ரோலரை மாற்றுவதைவிட அதைக் கட்டிவிட்டுப் போவது லாபம் என்றுகூட ஆகிவிடும். மேனேஜருக்கு உண்மையில் உறைப்பது ஒப்பந்தப் புதுப்பிப்பு. அதனால் 90-ஆம் நாள் எந்த அளவில் இருந்தால் புதுப்பிப்போம், எதற்குக் கீழே போனால் நோட்டீஸ் தருவோம் என்பதைத் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் அவகாசமே கிடையாது. லிஃப்டை எப்படியாவது ஓடவிட வேண்டும் என்ற அவசரத்தில் பூட்டுத் தொடர்பை ஒரு வயரால் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்போது கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகரக்கூடும். அப்படிச் செய்து லிஃப்டை ஒப்படைக்கக்கூடாது, சரிசெய்ய முடியாவிட்டால் நிறுத்திப் பூட்ட வேண்டும் என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி லிஃப்டை இயக்க உரிமம் வேண்டும். பாதுகாப்பில் ஓட்டை இருந்தால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் சங்கமும் ஒன்று.

90 நாள் எப்படிப் போனது

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரக் கூட்டம். அன்றைக்கே மின்னஞ்சலில் குறிப்பு, மூன்று நாளில் திருத்தம் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

முதல் கூட்டத்திலேயே சறுக்கல். ரோலர் மாற்றியாகிவிட்டது, பூட்டுத் தொடர்பு ஸ்டாக்கில் இல்லை. பத்து நாள் கெடு தவறிவிட்டது. இந்த இடத்தில்தான் பல சங்கங்கள் "சரி, பார்த்துப் பண்ணுங்க" என்று விட்டுவிடும், அதோடு தாள் செத்துவிடும். இவர்கள் கெடு தவறியதைக் குறிப்பில் எழுதி, புதுத் தேதியையும் பொறுப்பானவர் பெயரையும் கேட்டு வாங்கினார்கள். ஆறு நாளில் பாகம் வந்தது.

90-ஆம் நாள் கணக்கு: புகார்கள் 14-லிருந்து 6 ஆகக் குறைந்தன. கடைசி 60 நாளில் கதவுப் புகார் ஒன்றே ஒன்று. ஆறு தடவையும் நேரத்துக்குள் ஆள் வந்தார். ஆனால் மூன்றாவது மாத சர்வீஸ் லிஃப்டுக்கு 50 நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆள் பற்றாக்குறை முழுதாகத் தீரவில்லை என்று இதற்குப் பொருள். எனவே சங்கம் ஓராண்டுக்குப் பதில் ஆறு மாதம் மட்டும் புதுப்பித்தது, நான்கு வரிகளையும் மூல ஒப்பந்தத்திலேயே சேர்த்தது.

கணக்கு வேறு மாதிரி வந்திருந்தால் நோட்டீஸ்தான். அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். சில லிஃப்டுகளின் கன்ட்ரோலரைத் தயாரித்த கம்பெனியின் கருவியோ பாஸ்வேர்டோ இல்லாமல் வெளியாள் தொட முடியாது. மின் வரைபடம், சாவி, பாஸ்வேர்டு, சர்வீஸ் பதிவுகள் ஆகியவற்றை ஒப்படைப்பது பழைய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மேம்பாட்டுத் தாளில் அதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். உறவு இன்னும் முறியாத அந்த நேரத்தில் கேட்டால்தான் கையெழுத்து கிடைக்கும்.