நல்கை தருவோரின் நோக்கமும் நமது கேள்வியும்: ஆய்வு விண்ணப்பத்தின் முகப்புக் கடிதம் பற்றி

2022 பிப்ரவரியில், பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாடு சென்று பயில்வதற்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையின் விதிகளில் ஒன்றிய அரசு ஒரு வரியைச் சேர்த்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவை மையமாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகியவை இனி இத்திட்டத்தில் இடம்பெறா என்பது அதன் பொருள். சாதியைப் பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய எண்ணியிருந்தோருக்கு அந்த ஒரே வரி கதவை அடைத்தது. அதற்கு எதிராக எழுந்த கண்டனங்கள் நியாயமானவை. ஆயினும் விண்ணப்பிப்பவர் அதிலிருந்து நடைமுறையாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. தகுதி விதியில் விலக்கப்பட்ட தலைப்பை எந்தக் கடிதமும் மீட்டெடுக்காது. நெட் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே தேர்ந்தெடுக்கும் திட்டங்களிலும் கடிதத்திற்கு வேலையில்லை. விதிகளைக் கடந்த பின்பு, ஒரே இடத்திற்குப் பல நல்ல ஆய்வுகள் போட்டியிடும்போதுதான், அலுவலகங்களில் ‘கவரிங் லெட்டர்’ எனப்படும் அந்த ஒரு பக்கம் பேசத் தொடங்குகிறது.

அது என்ன பேச வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். ஆவடியைச் சேர்ந்த முனைவர் பட்ட மாணவி ஒருவர், ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் பகுதிகளில் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளைக் காலி செய்யும் லாரிகளில் வேலை செய்வோரைப் பற்றி ஆராய விரும்புகிறார் என்று கொள்வோம். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி மனிதரை மலக்குழிக்குள் இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. உச்ச நீதிமன்றம் 2014இல் இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும், லாரியின் குழாய் உறிஞ்ச முடியாத அடிச்சேற்றை அகற்ற யார் இறங்குகிறார், யார் இறங்கச் சொல்கிறார் என்பதே அவருடைய கேள்வி. மாணவியின் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“சமூக மாற்றத்திற்காகத் தங்கள் நிறுவனம் ஆற்றிவரும் அரும்பணியை அறிந்து பெருமகிழ்ச்சி அடைகிறேன். ஒடுக்கப்பட்ட மக்களின் மேம்பாட்டிற்கான எனது ஆய்வு தங்கள் நோக்கத்துடன் முழுமையாகப் பொருந்துகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நிறுவனத்தின் பெயரை மாற்றிவிட்டு இதே கடிதத்தை வேறு பத்து இடங்களுக்கு அனுப்பலாம். தேர்வுக் குழுவில் இருப்பவர் தேடுவது ‘பொருந்துகிறது’ என்ற அறிவிப்பை அன்று. எந்த இடத்தில் பொருந்துகிறது என்பதை. அதற்கு முதலில் அழைப்பறிக்கையை வினைச்சொற்களுக்காகப் படிக்க வேண்டும். ‘சமத்துவம்’, ‘நீதி’ போன்ற பெயர்ச்சொற்கள் எல்லா அறிக்கைகளிலும் உண்டு. நிறுவனம் எதைச் செய்ய விரும்புகிறது என்பதை வினைச்சொல்தான் காட்டும்: கொள்கையை மாற்றுவதா, ஆவணப்படுத்துவதா, கோட்பாட்டை வளர்ப்பதா, இளம் ஆய்வாளரைப் பயிற்றுவிப்பதா?

அழைப்பறிக்கை, ‘உள்ளாட்சி அமைப்புகள் தொழிலாளர் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் விதத்தை ஆராய்தல்’ என்று கூறுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது மாணவியின் இரண்டாம் வரைவு இவ்வாறு அமையலாம்:

“உள்ளாட்சிகள் தொழிலாளர் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் விதத்தைத் தங்கள் திட்டம் ஆராய விழைகிறது. எனது ஆய்வு ஆவடி மாநகராட்சியையும் பூந்தமல்லி நகராட்சியையும் ஒப்பிடுகிறது. கழிவுநீர் லாரிகளுக்கான உரிமப் பதிவுகளை, அந்த லாரிகளில் பணிபுரிவோரின் நேர்காணல்களுடன் ஒப்பிட்டு, உரிமத்தில் எழுதப்பட்ட பாதுகாப்பு விதிகளுள் எவை தெருவில் கைவிடப்படுகின்றன என்பதை நிறுவ முயல்கிறேன். சென்னைப் பெருநகரின் பிற பகுதிகளுக்கு இம்முடிவுகளைப் பொதுமைப்படுத்தும் எண்ணம் இல்லை.”

முதல் வாக்கியம் நிறுவனத்தின் நோக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் அந்த நோக்கத்திற்காக ஆய்வின் அமைப்பில் எடுக்கப்பட்ட முடிவுகளைக் காட்டுகின்றன: இரண்டு உள்ளாட்சிகள், இரண்டு வகைச் சான்றுகள். கடைசி வாக்கியம் எல்லையைக் கூறுகிறது. ‘முழுமையாகப் பொருந்துகிறது’ என்பதைவிட, எதுவரை பொருந்துகிறது என்று சொல்லும் வாக்கியத்தையே குழு நம்பும்.

இதே ஆய்வை இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றத்திற்கு அனுப்புவதானால் கேள்வியை மாற்றத் தேவையில்லை. முன்வைக்கும் முகம் மாறும். 1969இல் நிறுவப்பட்ட அம்மன்றத்தின் வேலை சமூக அறிவியல் ஆய்வை வளர்ப்பது. அங்கே, சாதியும் ஒப்பந்த உழைப்பும் பற்றிய முந்தைய ஆய்வுகள் எதை விட்டுவிட்டன, இவ்வாய்வு அங்கு எதைச் சேர்க்கிறது என்பது முன்னுக்கு வர வேண்டும். உரிமப் பதிவு இரண்டாம் பத்திக்குப் போகலாம். முகத்தை மாற்றப் போய்க் கேள்வியே மாறத் தொடங்கினால், அந்த இடம் நமக்கானதன்று என்று விலகிவிடுவதே நேர்மை. ‘சாதி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘விளிம்புநிலை’ என்று எழுதினால் ஏற்பார்கள் என்று அறிவுரை சொல்வோர் உண்டு. தலைப்பில் மறைத்ததை மூன்றாண்டுகள் ஒவ்வோர் அறிக்கையிலும் மறைக்க வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

நம் மாணவர்களைப் பெரிதும் தடுமாற வைப்பது இன்னொன்று: சொந்த வாழ்வை எவ்வளவு சொல்வது? ஒதுக்கீட்டுத் தகுதியைச் சாதிச் சான்றிதழ் உறுதிசெய்துவிடும். கடிதம் அதைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. வறுமையை விரித்துரைக்கும் பத்தி, படிப்பவரை இரங்க வைக்கலாம். ஆய்வைச் செய்து முடிப்பார் என்ற நம்பிக்கையைத் தராது. மாறாக, வாழ்வு ஆய்வுக்கு எதைத் தருகிறதோ அதைச் சொல்லலாம். “என் தந்தையின் உடன்பிறந்தார் இத்தொழிலில் இருந்தவர், லாரிகள் காத்துநிற்கும் இடங்களும் வேலை பிடித்துத்தரும் இடைத்தரகர்களும் எனக்குத் தெரியும்” என்ற வாக்கியம் இரக்கம் கேட்கவில்லை. வேறு ஆய்வாளர் ஓராண்டு அலைந்து பெற வேண்டிய அணுக்கம் தன்னிடம் உண்டு என்கிறது. அதே அணுக்கம் பார்வையைச் சாய்க்கவும் கூடும் என்பதால், லாரி உரிமையாளர்களையும் நேர்காண்பேன் என்று அடுத்த வரியில் சேர்ப்பது நல்லது.

பொருத்தத்தைக் கூறுவது ஒரு வாக்குறுதியும் ஆகும். 1913இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் செல்லப் பரோடா அரசின் உதவித்தொகையைப் பெற்றபோது, திரும்பி வந்து பத்தாண்டுகள் அந்த அரசில் பணியாற்றுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1917இல் வாக்குப்படி பரோடாவிற்குச் சென்றார். தீண்டாமை அங்கே அவருக்குத் தங்க ஓர் அறைகூடக் கிடைக்காதபடி செய்தது. பணியைத் தொடர முடியாமல் வெளியேறினார். நிதி தந்த அரசின் நோக்கமும் பெற்றவரின் படிப்பும் பொருந்தியே இருந்தன. பொருந்தாதது அந்த ஊர். தன் கல்விக்கு உதவியதற்கு நன்றியாக, 1925இல் வெளிவந்த மாகாண நிதி பற்றிய நூலை அம்பேத்கர் மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டுக்கே காணிக்கையாக்கினார்.

ஆவடி மாணவியின் கடிதத்திலும் இத்தகைய ஒரு வாக்குறுதி ஒளிந்திருக்கிறது. திரட்டும் தரவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் கேட்பதுண்டு. ‘தங்கள் வெளிப்படைத்தன்மைக் கொள்கைக்கு இணங்க அனைத்துத் தரவுகளையும் ஒப்படைப்பேன்’ என்று எழுதுவது எளிது. ஆனால் நேர்காணலில் ஒருவர், முதலாளி தன்னைக் குழிக்குள் இறக்கியதாகச் சொன்னால், சட்டப்படி குற்றம் முதலாளியுடையது. வேலையை இழப்பவரோ பேசியவர். ஒரு லாரியில் இருப்பது இரண்டு மூன்று பேர்தான். பெயரை நீக்கினாலும் தெருவையும் தேதியையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். எனவே அவர் எழுத வேண்டிய வரி இது: “உரிமப் பதிவுகளின் தொகுப்பைப் பொதுவில் வைப்பேன், நேர்காணல் பதிவுகளை ஒப்படைக்க இயலாது, அவற்றின் பகுப்பாய்வை மட்டும் தருவேன்.” இதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால், நிதி தருபவர் விண்ணப்பத்தைத் தள்ளவோ ஏற்கவோ அப்போதே முடிவெடுக்கலாம். நிதி வந்த பின்பு இந்த வாதம் எழுந்தால் விலை கொடுப்பவர் லாரியில் இருப்பவராக இருப்பார்.