உங்களுக்குத் தெரியுமா? மனையை விற்க 24 மாதக் கெடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நம்பி ஆரணிப் பக்கம் 10 லட்சத்துக்கு மனை வாங்கியவர், 23-ஆம் மாதத்தில் 14 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 4 லட்சமும் அவருடைய சம்பளத்தோடு சேரும். 30 சதவீத வரம்பில் இருந்தால் வரி 1,20,000 ரூபாய். 24 மாதம் தாண்டி விற்றால், 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி 12.5 சதவீதம், அதாவது 50,000 ரூபாய்தான் (செஸ் தனி).

கிரயப் பத்திரத்தை மட்டும் தள்ளிப்போட்டால் போதாது. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தத்தின்பேரில் மனையை முன்னதாகவே ஒப்படைத்தால், அன்றே விற்றதாகக் கணக்கு.

நஷ்டம் என்றால் கதை தலைகீழ். கெடுவுக்குள் விற்ற நஷ்டத்தை எந்த மூலதன ஆதாயத்திலும் கழிக்கலாம். தாண்டிவிட்டால் நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே.