ஃப்ளூ தடுப்பூசியைக் கெடுக்கும் ஐஸ்

வெயில் காலத்தில் மருந்து விநியோகஸ்தரிடமிருந்து கிளினிக்குக்கு ஃப்ளூ தடுப்பூசிப் பெட்டி போகிறது. சூடு படக்கூடாதே என்று, டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை அப்படியே உள்ளே அடுக்கி மூடிவிடுகிறார் ஊழியர். அந்தப் பேக்குகள் இருந்த இடம் மைனஸ் 20 டிகிரி. அவற்றை ஒட்டியிருக்கும் ஊசி மருந்து வழியிலேயே உறைந்துவிடலாம். கிளினிக்கில் பெட்டியைத் திறப்பதற்குள் அது உருகி, பார்க்க நல்ல மருந்துபோலவே இருக்கும்.

தொழிற்சாலையில் புறப்பட்டு நோயாளியின் கையில் ஏறும்வரை இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குளிர் அறை, குளிரூட்டிய வேன், தெர்மாகோல் பெட்டி, கிளினிக் ஃப்ரிட்ஜ் என்று கைமாறும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் குளிர் சங்கிலி.

பரவலாகப் போடப்படும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதம்தான் அதன் சாரம். வழக்கமான ஓர் ஊசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் இருக்கும். அந்தப் புரதத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் உடல் எதிர்ப்பாற்றலை உருவாக்கிக்கொள்கிறது.

சூடு ஏறினால் புரதத்தின் மடிப்புகள் மெல்ல அவிழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்று ஒரு மணி நேரம், நாளை இரண்டு மணி நேரம் என்று பட்ட சூடெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். திரும்பக் குளிரவைத்தாலும் இழந்த வீரியம் மீளாது. உறையும்போது நடப்பது வேறு. தண்ணீர் மட்டும் ஐஸாகப் பிரிய, மிச்சமிருக்கும் துளி நீரில் உப்பும் புரதமும் நெருக்கியடித்துக் கிடக்கும். அதன் அமிலத்தன்மையும் மாறக்கூடும். அந்த நெருக்கடியில் புரதம் உருக்குலைகிறது.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்து, மேலே படிந்த பனி கரைந்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஐஸும் நீரும் சேர்ந்திருக்கும்வரை பேக்கின் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். உப்புக் கலந்த மருந்து உறைய அதற்கும் சற்றுக் கீழே போக வேண்டும். இருந்தாலும் பேக்குக்கும் மருந்துக்கும் நடுவே ஓர் அட்டைத் தடுப்பு வைப்பது நல்லது.

கிளினிக்கில் ஃப்ரிட்ஜின் கதவுப் பகுதி ஆகாது, திறக்கும்போதெல்லாம் சூடேறும். ஃப்ரீசர் காற்று நேராக வீசும் மேல்தட்டும் ஆகாது. நடுத்தட்டுதான் சரி. வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவுசெய்யும் டேட்டா லாகரின் உணரியை கிளைகோல் திரவப் புட்டிக்குள் வைப்பார்கள். கதவு திறந்ததும் மாறும் காற்றின் குளிரையல்லாமல், மருந்தின் குளிரை ஒட்டிய அளவை அது காட்டும்.

மருந்து உறைந்தது தெரியவந்தால் பேச்சே இல்லை, ஒதுக்கிவிட வேண்டியதுதான். சூடுபட்டிருந்தால் உடனே குப்பையில் போடுவதில்லை. 'பயன்படுத்தாதே' என்று எழுதி, ஃப்ரிட்ஜிலேயே தனியாக வைத்துவிட்டு, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற பதிவுடன் தயாரிப்பாளரைக் கேட்பார்கள். அதற்குள் யாருக்காவது அந்த மருந்தைப் போட்டிருந்தால், இன்னொரு ஊசி போட வேண்டி வரலாம்.